நாள் குறிப்பதும் சாமான் எழுதுவதும்

சாத்தான்குளத்தில் புரோகிதம் பார்க்கும் வாத்தியாரிடம் நான் போய்ச் சேர்ந்தபோது மந்திரங்கள் ஓரளவு வாயில் நின்றன. வீட்டுக்கு வருகிறவருக்கு நாள் பார்த்து, நேரம் குறித்து, சாமான் சிட்டை எழுதிக் கொடுத்து அனுப்புவது தனி வேலை என்பது எனக்குத் தெரியாது. முதல் சில மாதங்கள் அந்த வேலையைத்தான் அவர் எனக்குத் தந்தார். மணையில் உட்காரவிடவில்லை.

பஞ்சாங்கத்தில் நான் முதலில் தடுமாறியது நாழிகைக் கணக்கில். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி. இது மனப்பாடம். ஆனால் ‘திருதியை 25 நாழிகை’ என்று போட்டிருந்தால், அதைச் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது கைக்குப் பழக வெகுநாள் ஆயிற்று. நான் நள்ளிரவிலிருந்து எண்ணி, காலை பத்து மணிக்கே திதி முடிந்துவிட்டதாக எழுதுவேன். வாத்தியார் திட்டமாட்டார். சிட்டையைத் திருப்பி என்னிடமே தள்ளி, “உதயம் எத்தனை மணிக்குடா?” என்று மட்டும் கேட்பார். உதயம் 6.10. அதோடு பத்து மணி நேரம். மாலை 4.10. ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். கடைசியில், பக்கத்தைத் திறந்ததும் முதலில் உதய நேரத்தைப் பென்சிலால் மேலே எழுதும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அடுத்தது தாராபலம். வீட்டுக்காரரின் ஜன்ம நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணி ஒன்பதால் வகுக்க வேண்டும். மீதி 1, 3, 5, 7 வந்தால் ஆகாது. நான் தாளில் வகுத்துக்கொண்டிருப்பேன், வந்தவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாத்தியார் என் கையைப் பிடித்து விரித்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். விரலுக்கு மூன்று கணு, மொத்தம் ஒன்பது. கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் வைத்து மேலே ஏறி, அடுத்த விரலின் அடிக்கணுவுக்கு இறங்கி, ஒன்பது முடிந்தால் மறுபடி முதல் கணு. வகுக்கவே வேண்டாம். கட்டைவிரல் நிற்கும் கணுவே மீதி.

அது எனக்குப் பிடிபட்டது ஓர் ஆவணி மாதத்தில். புது வீடு கட்டிய ஒருவர் வந்தார். “சாமி, வியாழக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி வருது. அன்னைக்கே கணபதி ஹோமம் பண்ணி பால் காய்ச்சிருவோமா?” அவர் பூசம், மனைவி சுவாதி. வியாழன் சித்திரை நட்சத்திரம். பூசம், ஆயில்யம், மகம், பூரம், உத்திரம், அஸ்தம், சித்திரை. கட்டைவிரல் மோதிர விரலின் அடிக்கணுவில் நின்றது. ஏழு. வதை தாரை. வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தலையசைத்துவிட்டு வந்தவரிடம், “சதுர்த்தி பிள்ளையார் பூஜைக்கு உசத்தி. குடி போறதுக்கு ரிக்தை திதி, ஆகாது. வியாழன் காலம்பற ஆறுலேர்ந்து ஏழரை எமகண்டம் வேற. அன்னிக்கு நானும் கோயிலை விட்டு வர முடியாது” என்றார்.

முதல் நாள் புதனைப் பார்க்கச் சொன்னார். அஸ்தம். பூசத்துக்கு ஆறாவது கணு, நல்லது. சுவாதியிலிருந்து சுற்றி வந்தால் 26, எட்டாவது கணு, அதுவும் நல்லது. சந்திரன் கன்னியில். கணவர் கடக ராசி, அவருக்கு எட்டாமிடம் கும்பம். மனைவி துலாம், அவருக்கு எட்டாமிடம் ரிஷபம். ஆக, இருவருக்கும் சந்திராஷ்டமம் இல்லை. திருதியை மாலை வரை இருக்கிறது. ஆவணியில் உதயத்தில் சிம்ம லக்னம் ஓடும், குடி போக உகந்த ஸ்திர லக்னம். இருப்பு 2 நாழிகை 45 விநாடி, அதாவது 66 நிமிடம். 7.16க்கு முடிகிறது. புதன் எமகண்டம் 7.30க்குத்தான். ‘காலை 6.15 – 7.15’ என்று எழுதி நீட்டினேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

வாத்தியார் அதை வாங்கவில்லை. “இதைப் பாத்தா அவா எத்தனை மணிக்கு வருவா?” என்றார். இதற்கு முன் ஒரு வீட்டில் நடந்ததை அப்போது நினைத்துக்கொண்டேன். முகூர்த்த நேரத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன். குடும்பம் மொத்தமும் அந்த நேரத்துக்குத்தான் வந்து இறங்கியது. ஹோமத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று. பால் பொங்கும்போது லக்னம் போயிருந்தது. நேரம் என்று எழுதினால் வீட்டார் அதை வந்து சேரும் நேரமாகவே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை.

ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். பால் 6.30க்கு அடுப்பில் ஏற வேண்டும். ஹோமத்துக்கு ஒன்றரை மணி நேரம், பூர்ணாஹுதி 6.10க்குள். அப்படியானால் சங்கல்பம் 4.30. வீட்டார் குளித்து வந்து நிற்க வேண்டியது 4.15. சிட்டையின் தலையில் இந்த மூன்று நேரமும் தனித்தனியாக வந்தது. சாமான் முதல் நாள் சாயங்காலமே புது வீட்டில் இருக்க வேண்டும் என்பது நான்காவது வரி.

சாமான் பட்டியலில்தான் நான் அதிகம் தவறினேன். ‘தேங்காய் 11’ என்று எழுதினால் கடைக்காரர் மழுங்க உரித்துக் கொடுத்துவிடுவார். கலசத்துக்குக் குடுமித் தேங்காய் வேண்டும். விடிவதற்கு முன் சாத்தான்குளம் பஜாரில் எந்தக் கடையும் திறந்திருக்காது. பக்கத்து வீடு பக்கத்து வீடாகக் கேட்டு அலைந்திருக்கிறேன். அதனால் இப்போது ‘தேங்காய் 9, குடுமியோடு 2’. ‘மணல்’ என்று எழுதினால் கட்டட வேலையில் மிஞ்சிய, சிமெண்ட் கலந்த மணல் வரும். ‘சலித்த சுத்த மணல் 2 சட்டி, முழுச் செங்கல் 12’ என்று எழுத வேண்டும். ‘வெற்றிலை’ என்றால் காம்பு கிள்ளிய கட்டு வரும். ஆத்தூர் வெற்றிலை கிடைக்கும் ஊர்ப் பக்கம் இது. காம்பும் நுனியும் உள்ளது என்று சொன்னால் போதும்.

சமித்தை ஒருமுறை வீட்டாரையே கொண்டுவரச் சொன்னேன். முந்தின நாள் வெட்டிய அரசங்குச்சி வந்தது. நெய் விட்டும் பற்றவில்லை. ஜன்னல் வைக்காத புது அறையில் புகை சூழ்ந்து, வயதான பாட்டி எழுந்து வெளியே போனார். காய்ந்த சமித்தை ஒடித்தால் சட்டென்று முறியும், பச்சைக் குச்சி விரலில் வளையும். வாத்தியார் இரண்டையும் என் கையில் கொடுத்து ஒடிக்கச் சொன்னார். அன்றிலிருந்து சமித்து, தர்ப்பை, பூணூல் மூன்றும் எங்கள் பையில். வறட்டி, அரை கிலோ நெய், அவல், நெல்பொரி, எள், சத்துமாவு, கரும்பு, கொப்பரை, வாழைப்பழம், கொழுக்கட்டை இவை வீட்டார் பக்கம். தாளை நடுவில் மடித்து, ‘நீங்கள்’, ‘நாங்கள்’ என்று தலைப்பிட்டு எழுதுகிறேன். தட்சணையும் பேசி அதே தாளின் அடியில் குறித்துவிடுவோம், அன்றைக்கு யாருக்கும் சங்கடம் வராது.

அந்தப் புதன்கிழமைக்கு முதல் நாள் மாலை நானே போய்ப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். புதுப் பானையில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் வைத்ததில் அடியில் ஈரம் கசிந்தது. வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு வேறு பானை வாங்கப் போனார். மறுநாள் 6.30க்குப் பால் ஏறியது, ஏழுக்குள் பொங்கி வழிந்தது. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒருவர் நாள் பார்க்க வந்தபோது, பஞ்சாங்கத்தை என் முன்னால் வைத்துவிட்டு அவர் சந்தியாவந்தனத்துக்குப் போய்விட்டார்.