இரண்டு நாணயங்களும் நடுவில் ஒரு கயிறும்



வங்கி ஒன்றில் இடர் கணிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "சார், பள்ளியில் ஒட்டுறவுக் கெழு போட்டால் ஒரே ஒரு எண் வரும். இங்கே இரண்டு நாணயங்களுக்கு அந்த எண் தினமும் மாறுகிறது. எதை நம்புவது?" நல்ல கேள்வி. அவளுக்குத் தனியாக எழுதுவதைவிட எல்லோருக்குமாக எழுதலாம் என்று தோன்றியது. கணக்கை மறந்துபோனவர்களும் பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும்.

வகுப்பில் நாம் எடுத்துக்கொண்டது நாற்பது மாணவர்களின் உயரமும் எடையும். அந்த அட்டவணை முடிந்துபோன ஒன்று, அதற்கு ஒரே எண்தான். நாணயங்களின் அட்டவணையிலோ தினமும் ஒரு புது வரிசை சேர்கிறது. வரிசைகள் சேர்வதோடு, அவற்றை உண்டாக்கும் காரணங்களும் மாறுகின்றன. அதனால் "இந்த இரண்டுக்கும் ஒட்டுறவு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் கேள்வி முழுமை ஆகாது. "எந்தக் காலத்தில்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்கு யூரோவையும் சுவிஸ் ஃபிராங்கையும்விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2011இல் ஐரோப்பாவில் கடன் நெருக்கடி. பயந்தவர்கள் பணத்தை ஃபிராங்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஃபிராங்க் ஏறிக்கொண்டே போய், அந்த ஆகஸ்டில் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய ஒரு ஃபிராங்க் என்ற அளவை நெருங்கியது. சுவிஸ் ஏற்றுமதியாளர்களுக்கு இது பெரிய அடி. செப்டம்பர் 6ஆம் தேதி சுவிஸ் தேசிய வங்கி ஓர் அறிவிப்பு செய்தது: ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம், அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் வெளிநாட்டு நாணயம் வாங்கத் தயார். இந்தத் தடுப்பு மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் நின்றது.

இப்போது டாலரை வைத்துப் பாருங்கள். யூரோவின் டாலர் விலை தினமும் எத்தனை சதவீதம் மாறுகிறது என்று ஒரு பத்தி. ஃபிராங்கின் டாலர் விலை எத்தனை சதவீதம் மாறுகிறது என்று இன்னொரு பத்தி. மாற்றங்கள் சிறியவையாக இருக்கும்வரை, முதல் பத்தியிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது யூரோவுக்கும் ஃபிராங்குக்கும் இடையிலான விலையின் மாற்றம். ஆகவே அந்த மூன்றாவது விலையின் திட்டவிலக்கத்தை இப்படி எழுதலாம்:

σ² = σ₁² + σ₂² − 2ρσ₁σ₂

σ₁, σ₂ என்பவை இரண்டு பத்திகளின் திட்டவிலக்கங்கள். ρ என்பது அவற்றின் ஒட்டுறவு. பங்குகளில் கிடைக்காத ஒரு வசதி நாணயங்களில் இருக்கிறது. இரண்டு பங்குகளின் ஒட்டுறவுக்குச் சந்தையில் தனியாக விலை கிடையாது. இரண்டு நாணயங்களின் ஒட்டுறவோ, அவை ஒன்றுக்கொன்று மாறும் விலையின் ஆட்டத்தில் அப்படியே தெரிகிறது. அந்த விலை ஆடாமல் நின்றால் σ கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியானால் ρ ஒன்றை நெருங்கித்தான் ஆக வேண்டும்.

2014இன் கடைசி மாதங்களில் நடந்தது அதுதான். யூரோ 1.20க்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. டாலருக்கு எதிராக யூரோவும் ஃபிராங்கும் ஒரே நாணயம்போல ஏறி இறங்கின. இதைச் செய்தது இரண்டு நாட்டுப் பொருளாதாரங்களின் இயல்பு அல்ல. ஒரு மத்திய வங்கி பிடித்துக்கொண்டிருந்த கயிறு.

இனி ஒரு கணக்கு. ஒருவர் பத்து லட்சம் டாலருக்கு யூரோ வாங்குகிறார், பத்து லட்சம் டாலருக்கு ஃபிராங்கை விற்கிறார். ஒன்றில் போனால் இன்னொன்றில் வரும் என்பது அவர் எண்ணம். ஒவ்வொன்றின் தினசரி திட்டவிலக்கமும் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ρ 0.98 என்றால், 0.25 + 0.25 − 0.49 = 0.01. வர்க்கமூலம் 0.1 சதவீதம். அதாவது ஒரு சாதாரண நாளில் ஆயிரம் டாலர் அளவு ஆட்டம்.

அதே ρ 0.5 ஆனால், 0.25 + 0.25 − 0.25 = 0.25. வர்க்கமூலம் 0.5 சதவீதம், ஐயாயிரம் டாலர். நாணயங்கள் தனித்தனியே ஆடும் அளவு மாறவே இல்லை. ஒட்டுறவு மட்டும் இறங்கியது, இடர் ஐந்து மடங்கானது.

இரண்டையும் வாங்கி வைத்திருப்பவருக்கு என்ன ஆகும்? கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல் குறி. 0.98 என்றால் ஏறக்குறைய 1 சதவீதம், 0.5 என்றால் 0.87 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை, அதுவும் குறைகிற பக்கம். ஆகவே ஒட்டுறவைத் தவறாகக் கணிப்பது எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஒன்றை வைத்து இன்னொன்றுக்குக் காப்பு தேடியவரைத்தான் அது கடுமையாகத் தாக்கும். யாருடைய கணக்கில் இடர் மிகக் குறைவாகத் தெரிகிறதோ, அவருடைய கணக்குதான் அந்த ஒரு எண்ணை அதிகமாக நம்பியிருக்கிறது.

2015 ஜனவரி 15, வியாழக்கிழமை காலை, சுவிஸ் தேசிய வங்கி தடுப்பை எடுத்துவிட்டதாக அறிவித்தது. தடுப்புதான் எங்கள் கொள்கையின் அடித்தளமாகத் தொடரும் என்ற பொருளில் அந்த வங்கியின் துணைத் தலைவர் பேசி மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. சில நிமிடங்களில் 1.20 உடைந்து, ஒரு யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போய்த் திரும்பியது. கணக்குக்கு வசதியாக, அன்று டாலருக்கு எதிராக யூரோ 1 சதவீதம் இறங்கியது, ஃபிராங்க் 15 சதவீதம் ஏறியது என்று எடுத்துக்கொள்வோம். உண்மை நிலவரமும் இதைவிடச் சாதுவாக இருக்கவில்லை. நம் மனிதருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். மொத்தம் 16 சதவீதம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலர். முந்தைய நாள் அவர் கையில் இருந்த கணிப்பு ஆயிரம்!

தினமும் மாறும் ஒட்டுறவைக் கணக்கிட்டிருந்தால் தப்பியிருப்பாரா? பலரும் பயன்படுத்தும் எளிய முறை ஜே.பி.மார்கன் வங்கி 1994இல் வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறை. நேற்றைய மதிப்பை 0.94ஆல் பெருக்கு, இன்றைய மாற்றங்களின் பெருக்கற்பலனை 0.06ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு. அவ்வளவுதான். பழைய நாள்களின் எடை மெல்லத் தேய்ந்து, பதினோரு வேலை நாளில் பாதியாகிவிடும்.

ஜனவரி 14 மாலை:
யூரோவின் பரவற்படி 0.25
ஃபிராங்கின் பரவற்படி 0.25
இரண்டும் சேர்ந்து மாறும் அளவு 0.245 (ρ = 0.98)

ஜனவரி 15 மாலை:
யூரோ: 0.94 × 0.25 + 0.06 × 1 = 0.295
ஃபிராங்க்: 0.94 × 0.25 + 0.06 × 225 = 13.735
சேர்ந்து மாறும் அளவு: 0.94 × 0.245 − 0.06 × 15 = −0.67

ρ = −0.67 / √(0.295 × 13.735) ≈ −0.33

ஒரே நாளில் 0.98 போய் −0.33. நம் மனிதருடைய இடர்க் கணிப்பு 0.1 சதவீதத்திலிருந்து 3.9 சதவீதமாகத் தாவுகிறது. முறை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் நஷ்டம் வந்த பிறகு! முந்தைய ஓராண்டு தரவுகளுக்குச் சம எடை கொடுக்கும் பழைய முறையில் இன்னொரு கோளாறும் உண்டு. அந்த ஒரு நாள் ஓராண்டு முழுக்கக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆண்டு முடிந்ததும் ஒரே இரவில் வெளியேறும். அன்று சந்தையில் எதுவுமே நடந்திருக்காது, ஆனாலும் ஒட்டுறவு சட்டென்று மாறிக் காட்டும். உங்கள் வரைபடத்தில் காரணமில்லாத தாவல் தெரிந்தால், சரியாக ஓராண்டுக்கு முன் என்ன நடந்தது என்று பாருங்கள்.

இதைவிட நுட்பமான முறையை ராபர்ட் எங்கிள் 2002இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு கிளைவ் கிரேஞ்சரோடு சேர்ந்து பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் முறையில் முதலில் ஒவ்வொரு நாணயத்தின் ஏற்றஇறக்கத்தையும் தனித்தனியே அளந்து, அதால் அன்றைய மாற்றத்தை வகுத்துவிடுவார்கள். பிறகு மிஞ்சியதில்தான் ஒட்டுறவைப் பார்ப்பார்கள். அந்த ஒட்டுறவு நாளுக்கு நாள் அசையும். ஆனால் நீண்டகாலச் சராசரியை நோக்கித் திரும்பவும் இழுக்கப்படும். மெல்ல மாறும் காலங்களில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நம் கதையில் நீண்டகாலச் சராசரியை எங்கிருந்து எடுப்பது? தடுப்பு இருந்த மூன்று ஆண்டுகளை மட்டும் கொடுத்தால் அதுவும் ஒன்றை ஒட்டிய எண்ணைத்தான் சொல்லும். கயிறு அறுந்த நாள் ஒன்றுகூட அந்தத் தரவில் இல்லை. இல்லாததை எந்தச் சூத்திரமும் கற்றுக்கொள்ளாது.

அதனால் அந்த மாணவிக்கு என் பதில் இதுதான். தினமும் மாறும் எண்ணைக் கணக்கிடு, அது அவசியம். அதோடு, அந்த எண் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதி வை. அமெரிக்க வட்டி, எண்ணெய் விலை போன்ற பொதுக் காரணம் என்றால் அது மெல்ல மாறலாம். "ஒரு வங்கி வாக்கு கொடுத்திருக்கிறது" என்பதுதான் காரணம் என்றால் அது மெல்ல மாறாது. இருக்கும், இல்லையென்றால் போகும். அப்படிப்பட்ட ஜோடிக்கு ρ 0.98, 0.5, 0 என்று மூன்று விடைகளையும் மேலதிகாரி முன் வை. இங்கே அவை நாளொன்றுக்கு ஆயிரம், ஐயாயிரம், ஏழாயிரம் டாலர். இந்த மூன்றாவது விடையும்கூட அந்த வியாழக்கிழமையைக் காட்டாது, ஏனென்றால் ஃபிராங்கின் ஆட்டமே அன்று பலமடங்கானது. ஆகவே நான்காவதாக, கயிறு அறுந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். அதற்குத் தடுப்பு வருவதற்கு முந்தைய விலையைப் பார்க்கலாம். 2011 ஆகஸ்டில் அது ஏறக்குறைய ஒன்று. 2015இல் போய் நின்றதும் அதன் அருகில்தான்.

இதெல்லாம் வங்கிக்காரர்கள் விவகாரம் என்று நினைக்கும் உறவினர்களுக்கு ஒரு விஷயம். போலந்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள், வட்டி குறைவு என்பதால், ஃபிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தன. சம்பளம் ஸ்லாட்டியில், கடன் ஃபிராங்கில். நம் மனிதர் தெரிந்து எடுத்த அதே நிலை: ஒரு நாணயம் கையில், இன்னொன்று கடனாக. தடுப்பு இருந்தவரை ஒரு ஃபிராங்க் மூன்றரை ஸ்லாட்டியை ஒட்டி அமைதியாக இருந்தது. அந்த வியாழக்கிழமை நான்கைத் தாண்டியது. இரண்டு லட்சம் ஃபிராங்க் கடன் காலையில் ஏழு லட்சம் ஸ்லாட்டி, மாலையில் எட்டு லட்சத்துக்கு மேல். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவர்களுக்கும் அதே கணக்குதான்.

உங்களில் சிலர் ஒரு நாட்டில் சம்பாதித்து இன்னொரு நாட்டு நாணயத்தில் கடன் வைத்திருக்கிறீர்கள். உங்கள் இரண்டு நாணயங்களும் அமைதியாகச் சேர்ந்து நடக்கின்றனவா? அப்படியானால் அவற்றைச் சேர்த்து நடத்துவது எது என்று பாருங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், மாலையில் உட்கார்ந்து போட்டுக் காட்டுகிறேன்.