குட்டை முள்ளின் இடம்

1982 ஜனவரியில் எனக்கு ஆறு வயது. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில்தான் பாலர் வகுப்பு. பிஸ்கட் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, இரண்டு முட்களைச் சட்டைப் பொத்தானோடு சேர்த்து நடுவில் தைத்து, டீச்சர் ஒரு கடிகாரம் செய்திருந்தார்.

முதலில் கடிகாரத்தை அவர் எங்கள் கையில் தரவில்லை. அட்டைகளைத்தான் தந்தார். ஒன்றில் அம்மா பெரட்டுக்குப் போகிறார், ஒன்றில் நாங்கள் பள்ளிக்கு வருகிறோம், ஒன்றில் கொழுந்து நிறுக்கிறார்கள், கடைசியில் கம்பளிக்குள் தூக்கம். எது முன்னே, எது பின்னே என்று தரையில் வரிசையாக அடுக்குவோம். அது தடுமாறாமல் வந்த பிறகே கடிகாரம், அதுவும் நீள முள்ளைக் கழற்றிவிட்டு. குட்டை முள் எட்டில் நின்றால் எட்டு மணி. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றால் எட்டரை. மணியைச் சொல்வது குட்டை முள்தான் என்பது அப்படித்தான் எங்களுக்குள் இறங்கியது.

நீள முள்ளை மாட்டியதும் குழப்பம் வந்தது. ஏழே முக்காலை நான் எட்டே முக்கால் என்றேன். குட்டை முள் எட்டுக்கு அவ்வளவு நெருக்கத்தில் நின்றது.

"எட்டைத் தொட்டுருச்சா கண்ணு?"

"இல்ல டீச்சர்."

"அப்ப எது முடிஞ்சிருக்கு?"

"ஏழு."

"ஏழும், அதுக்கு மேல முக்காலும்."

இன்று நானும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு மணி சொல்லித் தருகிறேன். அரை, கால், முக்கால் என்ற நம் சொற்கள் குட்டை முள் நிற்கும் இடத்தையே சொல்லிவிடுகின்றன. ஆனால் அட்டைக் கடிகாரத்தில் ஒரு குறை உண்டு. நிஜக் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் சேர்ந்தே நகரும், இதிலோ தனித்தனியாகச் சுழலும். ஆறரை வை என்றால் பிள்ளை நீள முள்ளை ஆறில் வைத்துவிட்டு, குட்டை முள்ளையும் ஆறிலேயே விட்டுவிடும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் புரியவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

நான் மணி கற்ற அந்த 1982 புத்தாண்டில்தான் தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வர, கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. டிசம்பர் 31 இரவு பதினொன்றரையே நள்ளிரவாகிவிட்டது. பாட்டிக்கு அது பிடிபடவே இல்லை. "பழைய மணி எத்தன?" என்று தினமும் கேட்பார்.

ஒரு காலை, ரேடியோவில் ஏழு மணி. வீட்டுக்கு எடுத்துவந்திருந்த அட்டைக் கடிகாரத்தை ஏழில் வைத்து, நீள முள்ளைப் பன்னிரண்டிலிருந்து பின்னோக்கித் தள்ளி ஆறுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, குட்டை முள்ளையும் ஏழிலிருந்து இழுத்து, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"ஆறரை, பாட்டி."

பாட்டி கதவைத் திறந்து மலைப்பக்கம் பார்த்தார். கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது.

"ஆமா, ஆறரைதான்" என்று கூடையை எடுத்தார்.