லாபம் வரக்கூடாத கணக்கு

நான் ஸ்கூலில் படித்தபோது எங்கள் பி.டி. மாஸ்டருக்கு ஒரு தியரி இருந்தது. ஆடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், கால் ஓடாது. தாகத்தை அடக்குகிறவன்தான் பிளேயர்! நாங்களும் நாக்கு ஒட்டிக்கொள்ள ஓடினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது மாஸ்டரின் அதிர்ஷ்டம்.

போன மே மாதம் என் பதினாலு வயசு மகள் சென்னையில் ஃபுட்பால் பிராக்டீஸ் முடித்துத் தலை சுற்றி உட்கார்ந்தபோதுதான் அந்தத் தியரி நினைவுக்கு வந்தது. 'தண்ணி குடிச்சியாம்மா?' என்றால், 'தாகமா இல்லப்பா' என்கிறாள். சட்டையோ பிழிகிற மாதிரி நனைந்திருக்கிறது.

இங்கேதான் நம் ஊர் வெயிலின் சூது. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது காய்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கிற நாளில் கொடியில் போட்ட துணி காய்கிறதா? அதே கதிதான் தோலுக்கும். உடம்பு குளிராததால் இன்னும் வியர்க்கும். தண்ணீரும் உப்பும் செலவு, பலன் சொற்பம்.

அவளுடைய கோச் மறுநாள் ஒரு டிஜிட்டல் எடை மெஷினோடு வந்தார். லெக்சர் எல்லாம் கிடையாது. பிராக்டீஸுக்கு முன்னால், பாத்ரூம் போய்விட்டு வந்து ஒரு எடை. முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, காய்ந்த லேசான உடையில் இன்னொரு எடை. நடுவில் குடித்த தண்ணீரையும் எழுத வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

மகளின் எடை முதலில் 46.2 கிலோ. ஒன்றரை மணி நேரம் கழித்து 45.4. குறைந்தது 800 கிராம். நடுவில் குடித்தது 400 மில்லி. அதையும் கூட்டினால் வியர்வை 1.2 லிட்டர். மணிக்கு 800 மில்லி! பி.காம். படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. வரவு 400, செலவு 1,200. எடையில் சுமார் இரண்டு சதவிகிதம் இறங்கினாலே ஓட்டம் தளரும் என்பார்கள். அவள் கிட்டத்தட்ட அங்கே நின்றிருந்தாள்.

ஆகவே கோச்சின் உத்தரவு: இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை விசில், ஆளுக்கு 200 மில்லி. தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றரை மணியில் நாலு விசில், 800 மில்லி. மிச்சக் கடன் 400. அதை வீட்டுக்கு வந்து ஒன்றரைப் பங்காக, அதாவது 600 மில்லியாக, சாப்பாட்டோடு நிதானமாக அடைக்க வேண்டும். தயிர் சாதமும் ஊறுகாயும் போதும். அந்த உப்புதான் குடித்த தண்ணீரை உடம்பில் பிடித்துவைக்கும்.

ஒரு பையன் எடை பார்த்துவிட்டு, 'மாஸ்டர், எனக்கு 200 கிராம் ஏறிடுச்சு!' என்று குதித்தான். கோச் சிரிக்கவில்லை. 'தம்பி, இந்தக் கணக்குல லாபம் வரக்கூடாது' என்றார். தேவைக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். தலைவலி, வாந்தி வரும். தண்ணீர் பற்றாத அறிகுறி போலவே இருப்பதால், பாசத்தோடு இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். அதுதான் ஆபத்து.

ஒரு மணி நேர ஆட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். அதற்கு மேல் நீண்டாலோ, சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்தாலோ எலுமிச்சை ஜூஸ். ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய பன்னிரண்டு டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு. 'தெம்பா இருக்கட்டுமே' என்று சர்க்கரையை இரட்டிப்பாக்காதீர்கள். கெட்டியான கரைசல் வயிற்றிலேயே நின்று பொருமும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சரி. பஜ்ஜி வேண்டாம், எண்ணெய்ப் பண்டம் சீக்கிரம் செரிக்காது.

கோச்சிடம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், யார் எடையையும் சத்தமாகப் படிக்க மாட்டார். வித்தியாசத்தை மட்டும் சொல்வார். இந்த வயசில் 'நீ இத்தனை கிலோவா?' என்ற ஒரு கேலி போதும், பிள்ளை சாப்பாட்டையே நிறுத்திவிடும்.

தண்ணீர் குடித்துவிட்டால் வெயில் ஒன்றும் செய்யாது என்றும் நினைக்காதீர்கள். பிள்ளை தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வாயில் ஊற்ற வேண்டாம். நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-க்கு போன் பண்ணுங்கள்.

நேற்று மகள் வாசலிலிருந்தே கத்தினாள்: 'அப்பா, இன்னிக்கு நஷ்டம் முந்நூறு கிராம்தான்!'

எங்கள் குடும்பத்தில் நஷ்டக் கணக்கைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.