படிவத்தில் ஒரு கேள்வி

ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி வட்டாரத்தில் சாலையின் இருபுறமும் செம்பனை மரங்களே கண்ணில் படும். பழக்குலைகளை ஏற்றிய கனவுந்துகள் நாள்தோறும் ஆலைகளை நோக்கிச் செல்கின்றன. அத்தகைய ஆலை ஒன்றில் எடைமேடை எழுத்தர் வேலைக்கு இளைஞர் ஒருவர் விண்ணப்பிப்பதாகக் கற்பனை செய்யலாம். அவருடைய தாய்மாமன் அதே ஆலையில் பழக்குலைகளின் தரம் பார்ப்பவர். விண்ணப்பப் படிவத்தின் இறுதியில் ஒரு கேள்வி இருக்கிறது: “உங்கள் உறவினர் எவரேனும் இந்நிறுவனத்தில் பணிபுரிகிறாரா?”

இளைஞரின் பேனா அங்கே நின்றுவிடுகிறது. ‘ஆம்’ என்று எழுதினால் மாமாவின் சிபாரிசில் வந்தவன் என்று நினைப்பார்களோ? ‘இல்லை’ என்று எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? இந்தத் தயக்கம் இயல்பானதே. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தங்கள் சொந்த ஊரிலிருந்தும் உறவினரிடையே இருந்தும் ஆள் சேர்த்தார்கள். உறவினர் வழியாக வேலைக்குப் போவது நம் முன்னோருக்கு மறைக்க வேண்டிய செய்தியாக இருந்ததில்லை. இன்றும் அது குற்றமன்று. படிவம் கேட்பது வேறொன்று.

அதை அறிய ஆலைக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். குலைகளுடன் வரும் கனவுந்து முதலில் எடைமேடையில் ஏறுகிறது. எழுத்தர் மொத்த எடையைப் பதிவு செய்கிறார். அது 14,200 கிலோகிராம் என்று கொள்ளலாம். குலைகள் இறக்கப்பட்டபின், வெற்று வண்டி மீண்டும் மேடைக்கு வருகிறது. அதன் எடை 6,100 கிலோகிராம். ஆகவே, பழத்தின் எடை 8,100 கிலோகிராம். இதற்கிடையே தரம் பார்ப்பவர், இறக்கிய குலைகளில் பழுக்காதவை, அழுகியவை, காம்பு நீண்டவை ஆகியன எத்தனை என்று பார்த்துக் கழிவைக் குறிக்கிறார். எடையும் தரமும் சேர்ந்தே விற்பவருக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிக்கின்றன. எழுத்தரின் சீட்டில் ஐயம் எழுந்தால் தரக் குறிப்பு காட்டிக்கொடுக்கும். தரக் குறிப்பில் ஐயம் எழுந்தால் எடைச்சீட்டு காட்டிக்கொடுக்கும். ஒருவர் கண் மற்றவர்மேல் இருப்பதே ஆலையின் பாதுகாப்பு.

அந்த இருவரும் மாமனும் மருமகனுமாக இருந்தால்? இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனாலும், மாமா குறித்த கழிவு குறைவாக இருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் மருமகன் போய்ச் சொல்வாரா? இந்த இழுபறியைத்தான் நலன் முரண்பாடு என்கிறார்கள். தவறு நிகழ்வதற்கு முன்பே முரண்பாடு இருந்துவிடுகிறது.

எனவே இளைஞர் எழுத வேண்டியது மிகச் சிறிது: மாமாவின் பெயர், உறவு முறை, பதவி, பிரிவு. அதைப் படிக்கும் மனிதவளப் பிரிவு, மாமா நேர்முகத் தேர்வில் தலையிடாதபடி பார்த்துக்கொள்ளும். தேர்வானால், இளைஞரைப் பொருள் கிடங்கிலோ வேறு பணிமுறையிலோ அமர்த்தலாம். அறிவித்துவிட்டு, அதே மேடையில் அதே நேரத்தில் இருவரையும் நிறுத்தினால் அறிவித்ததால் பயனில்லை. சில வேளைகளில் அந்த வேலையே கிடைக்காமலும் போகலாம். அந்த இழப்பு உண்மையானது.

யார் உறவினர் என்பதிலும் குழப்பம் வரும். 2009ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் உறவினரைப் பட்டியலிடுகிறது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமா, சித்தப்பா, அத்தை, அவர்களின் பிள்ளைகள், மருமகன், மருமகள் ஆகியோர் அதில் அடங்குவர். மனைவியின் தம்பியும் உண்டு. ஆனால், அக்காவின் கணவர் அப்பட்டியலில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை, சம்பந்தியும் அப்படியே. நம் வீட்டில் இவர்கள் எல்லாருமே நெருங்கிய சொந்தம். நிறுவனங்கள் தத்தம் படிவத்தில் இதைவிட விரிவாகவும் கேட்கலாம். படிவத்தின் சொற்கள் தெளிவாக இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று. கேட்க வழியில்லையென்றால் எழுதிவிடுவதே மேல். தேவையற்ற பெயர் ஒன்று கூடுதலாக இருப்பதால் எவருக்கும் இழப்பில்லை.

‘இல்லை’ என்று எழுதி வேலையில் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆலைக்குள் வந்த பழத்தின் எடை குறையாதிருந்தும், பிழிந்தெடுத்த எண்ணெயின் விகிதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கணக்காய்வாளர் பழைய சீட்டுகளைப் புரட்டுவார். ஒரே பணிமுறையில் வந்த வண்டிகளுக்கு மட்டும் கழிவு எப்போதும் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தால், அந்தப் பணிமுறையில் இருந்தவர்களின் கோப்புகளைத் திறப்பார். அங்கே இளைஞரின் கையொப்பம் இருக்கும். அதன் மேலே, கொடுத்த தகவல் யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் இருக்கும். எடையில் அவர் ஒரு கிலோகிராம்கூட மாற்றாதவராக இருக்கலாம். ஆனால், விசாரணையில் முதலில் கேட்கப்படுவது எடை பற்றியதாக இராது.

வேலையில் சேர்ந்த பிறகும் உறவுகள் மாறும். இளைஞர் கிடங்கில் அமர்த்தப்பட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து மாமா கிடங்கின் மேற்பார்வையாளராக உயர்கிறார். பழைய படிவத்தில் எழுதியது போதாது. அன்றே மனிதவளப் பிரிவுக்கு இன்னொரு கடிதம் போக வேண்டும். அதை மருமகனும் எழுத வேண்டும், மாமாவும் எழுத வேண்டும்.