கொரங்காட்டை அடைத்த ஆண்டு

வைகாசி, முதல் வாரம்

மூலனூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கொரங்காட்டின் படலை இன்று முள் வைத்து அடைத்தோம். பல வருடமாகக் குத்தகைக்கு விட்ட காடு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் ஆங்காங்கே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல். தாராபுரம், காங்கயம் வட்டாரத்தில் கொரங்காடு என்றால் இந்த மூன்றும்தான். எங்கள் காட்டில் வேலியும் மரமும் இருக்கின்றன. புல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆடு தொடாதவை மட்டும் தலை நிமிர்ந்து நிற்கின்றன: ஆவாரை, எருக்கு, ஓரத்தில் சீமைக் கருவேல், கிணற்றடியில் பார்த்தீனியம். கொழுக்கட்டைத் தூர்கள் தரையோடு தரையாகக் கரம்பப்பட்டு, கறுத்த முடிச்சுகளாகக் கிடக்கின்றன. இடையில் வெறும் சரளை.

உழுது புதிதாக விதைத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கறுத்திருக்கும் தூரில் உயிர் இருக்கிறதா என்று மழைதான் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிற தூரைப் பெயர்த்துவிட்டு, முளைக்குமோ முளைக்காதோ என்றிருக்கும் விதையைப் போடுவது நஷ்டம்.

ஆனி

கோடை மழை ஒன்று நன்றாக நனைத்தது. செத்தது என்று நினைத்த பல தூர்களில் பச்சை ஊசிகள் எழுந்திருக்கின்றன.

குத்தகைக்கார அண்ணன் வேலியருகே வந்து நின்றார். “ஏனுங்க அம்மிணி, பசுமை தட்டிருச்சே. ஒரு வாரம் குட்டிகளை மட்டும் விட்டுக்கட்டுங்களா?”

“இப்ப வேண்டாங்கண்ணா. இது வேர்ல இருந்து எடுத்துச் செலவு பண்ணுன பச்சைங்க. இன்னும் இலை சம்பாதிக்கலை.”

அவரும் புல் தெரிந்த மனிதர், மேலே கேட்கவில்லை. மேய்ந்த புல் திரும்பத் துளிர்க்கும்போது முதல் இலைகளைத் தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டுதான் விடுகிறது. அந்த இலைகள் விரிந்து வெயிலில் உணவு செய்து, செலவழித்ததைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் வேண்டும். அதற்குள் மறுபடி கடிபட்டால் வேர் குறுகிக்கொண்டே போகும். குறுகிய வேருக்கு மேல்மண்ணின் ஈரம் மட்டுமே எட்டும். அதனால்தான் மழை பெய்த ஆண்டிலும் எங்கள் காடு சீக்கிரம் காய்ந்தது.

ஆடி

கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, காடு முழுக்க வைத்து வைத்துப் பார்த்தேன். சதுரத்துக்குள் உயிருள்ள தூர் இரண்டாவது இருந்தால் அந்த இடத்தைத் தொடுவதில்லை என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. தெற்குப் பாதி தானே தேறிவிடும். மரத்தடிகளிலும் பரவாயில்லை, அங்கே நரிப்பயறுகூடப் படர்ந்திருக்கிறது. வடக்குச் சரிவில்தான் சதுரத்துக்குச் சதுரம் வெறுமை. மண் ஏடு கட்டி இறுகியிருக்கிறது. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் ஓடுகிறது. எத்தனை வருடம் அடைத்து வைத்தாலும் விதை இல்லாத இடத்தில் புல் எழாது. ஏறத்தாழ ஒரு ஏக்கர். விதைப்பு அங்கே மட்டும்.

ஆவணி

களை வேலை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், ஈர மண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்கினோம். பூத்த பிறகு பிடுங்கினால் நாமே விதையைத் தூவிக்கொண்டு போகிறோம். ஒருமுறையில் முடிகிற வேலையும் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் புதிய கூட்டம் முளைக்கும்.

சீமைக் கருவேலை வெட்டினால் போதாது. தரைக்குச் சற்றுக் கீழே அடித்தண்டில் மொட்டுகள் இருக்கின்றன. மேலே அறுத்தால் ஒற்றைத் தண்டுக்குப் பதில் புதராகக் கிளம்பும். பெரியவற்றை இயந்திரம் வைத்துப் பெயர்த்தோம். சிறியவற்றைக் கடப்பாரையால் மொட்டுப் பகுதிக்குக் கீழே போய் எடுத்தோம். ஆவாரையை முழுதும் அழிக்கவில்லை. சரிவில் மண்ணைப் பிடித்திருப்பது இன்றைக்கு அது ஒன்றுதான்.

எருவுக்காக ஆட்டுக்கிடை போடலாம் என்றார்கள். சாலையோரக் கருவேல நெற்றைத் தின்று வரும் ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வரும். நெற்று உதிரும் பருவத்தில் கிடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புரட்டாசி

விதைகள் தயார். கொழுக்கட்டை விதை போன தை மாதம் உதிர்ந்தது. புது விதை 6 முதல் 8 மாதம் உறங்கும், உடனே போட்டால் முளைக்காது. பஞ்சு போன்ற பூவுறைகளில் பல வெறும் பதர். உள்ளங்கையில் தேய்த்து மணி இருக்கிறதா என்று பார்த்து, ஈரத்துணியில் முளைப்பும் சோதித்துத்தான் வாங்கினேன். ஏக்கருக்கு 3 கிலோ.

கூட்டுக்கு முயல் மசால், ஏக்கருக்கு 4 கிலோ. காற்றின் தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்துத் தரும் பயறு வகை, வறட்சியும் தாங்கும். அதன் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் துணியில் கட்டி அமிழ்த்தி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து பூசினோம். கொதிக்கும் நீரில் போட்டால் கரு வெந்துவிடும். கால் பங்கு விதையை வெந்நீர் காட்டாமலே வைத்திருக்கிறேன். முதல் மழைக்குப் பின் வானம் ஏமாற்றினால், முளைத்ததெல்லாம் காய்ந்தாலும் அந்தக் கால் பங்கு மண்ணில் காத்திருக்கும்.

சரிவின் குறுக்கே ஐந்து கொத்துக் கலப்பையால் பட்டை பட்டையாகக் கீறினோம். இடையே கீறாத பட்டைகள் ஓடும் நீரைத் தடுக்கும். காற்றில் பறக்கும் புல் விதையை ஈரமணலில் பிசறித் தூவி, முள் கொப்பை மேலோட்டமாக இழுத்தோம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் இந்தச் சிறு விதைகள் எட்டிப் பார்க்காது. மூடாமலே விட்டால் எறும்பு இழுத்துப் போகும்.

ஐப்பசி

முளைத்தது, பிறகு மழை நின்றது. புல் முளைகளில் பாதிக்குமேல் கருகின. வெள்வேல் கொப்புகளைப் பரப்பி வைத்திருந்த பட்டைகளில் மட்டும் நிழலும் ஈரமும் தங்கி, முளைகள் பிழைத்தன. அடுத்த மழையில் முயல் மசால் மூவிலைகள் புதிதாக எழும்பியிருக்கின்றன, காத்திருந்த விதை. கருகிய பட்டைகளில் மிச்சப் புல் விதையைத் தூவினோம்.

தை

கொழுக்கட்டைக் கதிர்கள் பழுத்து உதிர்கின்றன. உதிர்ந்த பின், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போட்டோம். அறுக்காமலே விடுவதும் தவறுதான். முயல் மசால் முதல் வருடம் மெதுவாக வளரும். உயர்ந்த புல்லின் நிழலில் நலிந்துபோகும். அறுத்த பட்டையில் அது கிளை விட்டிருக்கிறது.

மறு ஆண்டு, கார்த்திகை

இளம் தூர்களைக் கையால் பற்றி இழுத்துப் பார்த்தேன், ஆடு கடித்து இழுக்கும் வேகத்தில். தெற்கில் இலை அறுந்தது, தூர் அசையவில்லை. வடக்குச் சரிவின் மேல் பகுதியில் சில தூர்கள் வேரோடு கையில் வந்தன.

அண்ணனிடம் பேசி முடித்தாயிற்று. தெற்கை மூன்றாகப் பிரித்து, ஒன்று மாற்றி ஒன்று மேய்ச்சல். புல் ஒரு சாணுக்கு இறங்கியதும் ஆடுகளை மாற்றிவிட வேண்டும். தேதி பார்த்து அல்ல, புல்லைப் பார்த்து. திரும்ப முழங்கால் உயரம் வந்தால்தான் அதே பகுதிக்குள் விடலாம்.

“வடக்குங்க?” என்றார்.

“அடுத்த கதிர் உதிரட்டுங்கண்ணா. அதுவரைக்கும் அறுத்துத்தான் போடணும்.”

குத்தகையில் அந்த ஒரு ஏக்கருக்கான பங்கைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.