பின்யினின் மேல் இருக்கும் கோடு

பவானிபூரில் பக்கத்து வீட்டுத் தம்பி சீனம் படிக்க ஆரம்பித்திருக்கிறான். அவனுக்குத் தமிழிலேயே குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன்.

பின்யினில் உயிரெழுத்தின் மேல் இருக்கும் கோடு, குரல் போகும் பாதையின் படம். mā என்றால் அம்மா: குரல் உயரத்தில் அப்படியே நிற்கும். má சணல்: "என்ன?" என்று வியந்து கேட்கும்போது ஏறுவதுபோல் ஏறும். mǎ குதிரை. mà திட்டுவது: "போ!" என்று அதட்டும் வேகத்தில் இறங்கும்.

சிக்கல் மூன்றாவது தொனியான mǎ-வில்தான். படம் இறங்கி ஏறுகிறது. ஆனால் பேச்சின் நடுவில் அது பெரும்பாலும் தாழ்ந்தே நின்றுவிடும். ஏற்றம் தனியாகவோ கடைசியிலோ வரும்போதுதான். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால், முதலாவது இரண்டாம் தொனியாக மாறிவிடும். nǐ hǎo என்று எழுதினாலும் ní hǎo என்றே சொல்ல வேண்டும். புத்தகம் குறியை மாற்றாது, வாய்தான் மாற்ற வேண்டும்.

தொனி மட்டுமல்ல, மெய்யெழுத்திலும் கவனம் வேண்டும். பின்யினின் b நம் 'பல்'லில் வரும் ப. p அதே ஒலிதான், மூச்சுக் காற்றோடு. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் p-க்கு அசையும், b-க்கு அசையாது. வங்காளம் புழங்கும் தம்பிக்கு இந்த மூச்சொலி பழக்கம்தான். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'ப' ஆகிவிடும், தொனியும் காணாமல் போகும்.

அதனால் சீனம் தொடங்குபவர்களே, விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். உச்சரிப்பைக் கோட்டோடு பின்யினிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.