ஐந்து மாதமாக வரும் பணம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லட்ச ரூபாய் போட்டால் மாதம் 8,000 வீதம் இரண்டு வருடம் தரும் 'சீட்டு' ஒன்றில் சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆபீஸ் நண்பருக்கு ஐந்து மாதமாகத் தவறாமல் வருகிறதாம்.

சீட்டு கெட்டதில்லை. உன் அம்மா கொல்கத்தா வந்த நாளிலிருந்து கட்டுகிறாள். 20 பேர், மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். அவசரக்காரர் ஒருவர் 25,000 தள்ளி ஏலம் எடுக்கிறார். கமிஷன் 5,000 போக மீதி 20,000 கசர், ஆளுக்கு ஆயிரம். அந்த மாதம் நீ 4,000 கட்டினால் போதும். ஆக, உன் லாபம் ஏலம் எடுத்தவர் விட்டுக்கொடுத்த பணம். போகப்போகத் தள்ளு குறையும். கசர் சராசரியாக 600 வந்தால், கடைசிவரை காத்திருப்பவர் 88,000 கட்டி 95,000 வாங்குவார். கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஒன்பது சதவீதம் சொச்சம்.

உன் நண்பரின் சீட்டில் ஏலமே இல்லையே! பிறகு 8,000 எங்கிருந்து வருகிறது? நூறு பேர் லட்சம் போட்டால் ஒரு கோடி. மாதம் எட்டு லட்சம் போனால் பன்னிரண்டு மாதம் தாங்கும். ஏஜெண்டுக்குப் பத்து சதவீதம், ஏ.சி. ஆபீஸ் எல்லாம் சேர்த்தால் பத்து மாதம்கூடத் தேறாது. நடுவில் புதியவர்கள் சேர்ந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நண்பர் இதுவரை வாங்கிய 40,000 அவர் போட்ட லட்சத்திலிருந்தே திரும்பியது. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் ஆபத்து.

1996-ல் எனக்கும் ஏழு மாதம் ஒழுங்காக வந்தது. எட்டாவது மாதம் 'கம்ப்யூட்டர் கோளாறு' என்றார்கள். ஒன்பதாவது மாதம் ஷட்டர் இறங்கியிருந்தது. உன் அக்கா கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது மாப்பிள்ளை வீட்டாரால் அல்ல. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. என்னைச் சேர்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரரும் தன் பி.எஃப். பணத்தை அதில்தான் இழந்தார். 2013-ல் இங்கே சாரதா குழுமம் சரிந்தபோது பத்திரிகைகள் அதையும் 'சிட் ஃபண்ட்' என்றே எழுதின. பாவம், சீட்டுக்குக் கெட்ட பெயர்.

அந்த ஏஜெண்டிடம் இரண்டே கேள்வி கேள். போன மாதம் ஏலம் எடுத்தவர் யார், எவ்வளவு தள்ளினார்? 1982-ம் வருட சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவாளர் கொடுத்த அனுமதி எங்கே? உண்மையான சீட்டு நடத்துபவர் ஆரம்பிக்கும் முன்பே பதிவாளரிடம் பிணையம் கட்டியிருப்பார். அந்தத் தாளைக் காட்ட அவர் தயங்க மாட்டார். ஆனால் பதிவான சீட்டிலும் ஏலம் எடுத்தவர்கள் தவணை கட்டாமல் போனால் பணம் தாமதமாகும். வங்கி டெபாசிட்டுக்குள்ள இன்சூரன்ஸ் இதற்குக் கிடையாது. உன் அம்மாவே மாதம் 5,000-க்கு மேல் போட மாட்டாள்.

நண்பரிடமும் இந்தக் கணக்கைச் சொல். மீதி 60,000-ஐ இப்போதே கேட்டு வாங்கப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்.

அன்புடன்,
அப்பா